இறப்புச் சுருக்க அறிக்கை கேட்டு விண்ணப்பம்

தேதி: 14.07.2025

அனுப்புநர்:
சி. கலைவாணி
(மறைந்த மு. சிவராமன் அவர்களின் மூத்த மகள்)

பெறுநர்:
மருத்துவக் கண்காணிப்பாளர் அவர்கள்
நகல்: மருத்துவப் பதிவேட்டுப் பிரிவு

பொருள்: மு. சிவராமன், வயது 57, உள்நோயாளி எண் 25/11873. காப்பீட்டுக்கும் விபத்து இழப்பீட்டு வழக்குக்கும் முழுமையான இறப்புச் சுருக்க அறிக்கை வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

என் அப்பா சிவராமன் 11.05.2025 அன்று இரவு இருசக்கர வாகனத்தில் வரும்போது பின்னால் வந்த கார் மோதி, தலையில் அடிபட்டு உங்கள் அவசரப் பிரிவுக்குக் கொண்டுவரப்பட்டார். மறுநாள் விடியற்காலையில் மூளையில் உறைந்திருந்த ரத்தத்தை அகற்ற அறுவை சிகிச்சை நடந்தது. அதன் பிறகு தீவிர சிகிச்சைப் பிரிவில் வென்டிலேட்டரிலேயே இருந்தார். 30.05.2025 அதிகாலை 4.40 மணிக்கு இறந்துவிட்டார். விபத்து வழக்கு என்பதால் பிரேதப் பரிசோதனையும் நடந்தது.

அந்தப் பத்தொன்பது நாளும் இரவுப் பணியில் இருந்த செவிலியர்கள் எங்களை நடத்திய விதத்தை நாங்கள் மறக்கவில்லை. 17 ஆம் தேதி அப்பா அம்மாவின் விரலை இறுக்கிப் பிடித்தபோது, "இதைக் குறிப்பில் எழுதிவிடுகிறேன் அம்மா" என்று ஒரு செவிலியர் சொன்னார். அதனால் இந்தக் கடிதத்தைப் புகாராக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். ஆனால் எங்களுக்குத் தரப்பட்டிருக்கும் அரைப்பக்கத் தாளை வைத்துக்கொண்டு எந்த அலுவலகத்திலும் எதையும் நிரூபிக்க முடியவில்லை.

ஜூன் 9 அன்று பதிவேட்டுப் பிரிவில் நேரில் கேட்டேன். டிஸ்சார்ஜ் சம்மரிதான் டெத் சம்மரி, வேறு தனியாகக் கிடையாது என்றார்கள். கையில் உள்ள தாளில் இறப்பின் காரணம் என்ற இடத்தில் "செப்சிஸ், இதயத் துடிப்பு நின்றது" என்று மட்டும் இருக்கிறது. ஜூலை 2 தேதியிட்டு காப்பீட்டு நிறுவனம் எழுதிய கடிதத்தில், அறிக்கையின்படி மரணம் நோய்த்தொற்றால் ஏற்பட்டதாகத் தெரிவதால் விபத்துக் காப்பீட்டின் கீழ் வருமா என்று தீர்மானிக்க இயலவில்லை என்று சொல்லியிருக்கிறார்கள். சிக்கல் முழுவதும் இந்த இடத்தில்தான் இருக்கிறது.

இதயத் துடிப்பு நிற்பது எல்லா மரணத்திலும் நடப்பதுதான். மரணத்துக்கான காரணத்தை எழுத உலக சுகாதார நிறுவனம் வகுத்த படிவமும் வரிசையைத்தான் கேட்கிறது. உடனடிக் காரணம் முதல் வரியில், அது எதனால் வந்தது என்பது அடுத்த வரியில், கடைசியாக எல்லாவற்றுக்கும் தொடக்கமான காரணம். காயத்தால் வந்த மரணம் என்றால் அந்தக் காயம் எப்படி ஏற்பட்டது என்பதும் அதில் வர வேண்டும். அப்பா விஷயத்தில் மருத்துவர்கள் எங்களிடம் சொன்ன வரிசை இதுதான்: விபத்தில் தலைக்காயம், அதனால் நினைவிழந்து நீண்ட நாள் வென்டிலேட்டர், 19 ஆம் தேதி காய்ச்சலோடு தொடங்கிய நிமோனியா, அதிலிருந்து ரத்தத்தில் தொற்று, 27 ஆம் தேதி முதல் ரத்த அழுத்தம் விழுந்தது, பிறகு மரணம். இது சரியா என்று சொல்ல வேண்டியவர்கள் சிகிச்சை அளித்த மருத்துவர்கள்தான். நாங்கள் சொல்லும் வார்த்தையை எழுதித் தரும்படி கேட்கவில்லை. கேஸ் ஷீட்டில் உள்ளது என்னவோ அந்த வரிசை, தேதிகளோடு அறிக்கையில் வர வேண்டும் என்பதே வேண்டுகோள்.

அறிக்கையில் அவசரப் பிரிவுக்கு வந்தபோது இருந்த நினைவு நிலை மதிப்பெண், முதல் சிடி ஸ்கேனில் கண்டது, அறுவை சிகிச்சை விவரம், கழுத்தில் துளையிட்டுச் சுவாசக் குழாய் வைத்த தேதி, கல்ச்சர் முடிவுகள், பிரேதப் பரிசோதனைக்கு அனுப்பிய விவரம், எம்.எல்.சி எண் ஆகியவையும் இருக்க வேண்டும். அப்பா மது அருந்தியிருந்தாரா என்று காப்பீட்டு நிறுவனம் கேட்கிறது. அப்பாவுக்கு அந்தப் பழக்கமே கிடையாது. ஆனாலும் எங்கள் வாய்மொழி போதாது. அன்று இரவு அவசரப் பிரிவுப் பதிவேட்டில் இதுபற்றி என்ன குறித்தார்கள், ரத்த மாதிரி எடுத்தார்களா என்பதை உள்ளபடி எழுதித் தாருங்கள்.

அப்புறம், இரண்டு பிழைகள். ஒன்று, வயது 57 என்பது 75 என்று அச்சாகியிருக்கிறது. இழப்பீட்டைக் கணக்கிடுவதே வயதையும் வருமானத்தையும் வைத்துத்தான் என்று வழக்கறிஞர் சொல்கிறார். அப்பா வேலையில் இருந்தவர். 75 என்றால் அம்மாவுக்குச் சேர வேண்டியது பெருமளவு குறைந்துவிடும். அடையாள அட்டை நகலை இணைத்திருக்கிறேன்.

இன்னொன்று, முந்தைய நோய்கள் என்ற இடத்தில் "15 ஆண்டுகளாக நீரிழிவு" என்று இருக்கிறது. அப்பாவுக்குச் சர்க்கரை இருந்தது உண்மை, அதை மறைக்கச் சொல்லவில்லை. ஆனால் அது 2022 இல்தான் கண்டுபிடிக்கப்பட்டது. அன்று இரவு பதற்றத்தில் என் சித்தப்பா "சுகர் இருக்கு" என்று மட்டும்தான் சொன்னார், எத்தனை வருடம் என்று எங்களில் யாரும் சொல்லவில்லை. அப்பாவின் ஆயுள் காப்பீடு 2019 இல் எடுத்தது. இந்த ஒரு வரியால், நோயை மறைத்துக் காப்பீடு எடுத்தார் என்ற பழி அவர் மேல் வந்துவிடும். நேர்மையாக வாழ்ந்த மனிதருக்கு இறந்த பிறகு அப்படி ஒரு பேர் வருவதை எங்களால் தாங்க முடியாது. 2022 ஆம் ஆண்டின் முதல் பரிசோதனை முடிவையும் மருந்துச் சீட்டையும் இணைத்திருக்கிறேன். பழைய பதிவை அழிக்க வேண்டாம். அதை அப்படியே வைத்து, திருத்தக் குறிப்பைத் தேதியும் மருத்துவர் கையெழுத்துமாகச் சேர்த்தால் போதும். சான்று போதாது என்று நினைத்தால் அதையும் எழுத்தில் தெரிவியுங்கள்.

ஆயுள் காப்பீடு, விபத்துக் காப்பீடு, வழக்கு என மூன்று இடங்களிலும் அசல் கேட்கிறார்கள். அதனால் மருத்துவரின் கையெழுத்து, பதிவு எண், மருத்துவமனை முத்திரையோடு மூன்று பிரதிகள் வேண்டும். வழக்கறிஞருக்காகக் கேஸ் ஷீட்டின் சான்றளித்த நகல் ஒன்றும் வேண்டும், செவிலியர் குறிப்புகளும் சேர்த்து. நகல் கட்டணத்தைச் செலுத்திவிடுகிறோம். சிகிச்சைக்கான பாக்கி எதுவும் இல்லை, இறுதி ரசீது இணைப்பில் உள்ளது.

காப்பீட்டு நிறுவனம் ஆவணங்களை ஆகஸ்ட் 1க்குள் கேட்டிருக்கிறது, வழக்கு ஆகஸ்ட் 6 அன்று வருகிறது. ஜூலை 25க்குள் கிடைத்தால் இரண்டுக்கும் சரியாக இருக்கும். மருத்துவர் விடுப்பில் இருந்தால், அதே பிரிவின் வேறு மருத்துவர் கேஸ் ஷீட்டைப் பார்த்துத் தயாரிக்க முடியுமா என்று பாருங்கள். எந்த நேரத்துக்கு வரச் சொன்னாலும் வருகிறேன். இந்த விண்ணப்பத்தின் நகலில் பெற்றுக்கொண்டதாகத் தேதியோடு கையெழுத்திட்டுத் தரவும்.

காப்பீட்டில் வாரிசாக நியமிக்கப்பட்டவர் என் அம்மா சி. மரகதம். அவருடைய சம்மதக் கடிதம் இணைப்பில் இருக்கிறது. அவரால் மருத்துவமனைக்கு மறுபடி வர இயலவில்லை, என்னிடமே கொடுங்கள்.

இப்படிக்கு,
சி. கலைவாணி

இணைப்பு: இறப்புச் சான்றிதழ், அம்மாவின் சம்மதக் கடிதம், எங்கள் இருவர் அடையாள அட்டை, அப்பாவின் அடையாள அட்டை, ஏற்கெனவே தந்த அறிக்கை, காப்பீட்டு நிறுவனத்தின் 02.07.2025 கடிதம், 2022 பரிசோதனை முடிவும் மருந்துச் சீட்டும், இறுதி ரசீது.