நீர் சுத்திகரிப்பு: எட்டாம் வகுப்புக் குழுவுக்கான செயல்திட்டக் குறிப்பு

அறிவியல் கண்காட்சிக்கு இன்னும் நான்கு வாரம் இருக்கிறது. உங்கள் குழு எடுத்திருக்கும் தலைப்பு நீர் சுத்திகரிப்பு. பாட்டிலில் மணல், கரி, கல் என்று அடுக்கி, மேலே சேற்று நீரை ஊற்றி, கீழே தெளிந்த நீரைக் காட்டுவது எல்லாரும் செய்வதுதான். பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் அதில் கேள்வியே இல்லை. கேள்வி இருந்தால்தான் அது சோதனை. நாம் கேட்கப்போவது இது: மணலும் கரியும் நீரிலிருந்து எதை எதை நீக்குகின்றன, எதை நீக்குவதில்லை?

இதற்கு மூன்று வகை நீர் வேண்டும். மூன்றையும் நீங்களே கலந்து செய்யுங்கள். சாக்கடை நீர், குளத்து நீர் எதையும் கொண்டுவர வேண்டாம். அவற்றில் என்ன கிருமி இருக்கிறது என்று கண்ணால் சொல்ல முடியாது. முதலாவது, ஒவ்வொரு லிட்டர் குழாய் நீருக்கும் 2 கிராம் பொடித்த களிமண். இரண்டாவது, ஒவ்வொரு லிட்டருக்கும் சில சொட்டு நீல உணவு நிறமி. மூன்றாவது, ஒவ்வொரு லிட்டருக்கும் 1 கிராம் சமையல் உப்பு. முதலாவதில் கரையாத துகள், மற்ற இரண்டில் கரைந்த பொருள். அதனால்தான் இந்த மூன்றையும் தேர்ந்தெடுத்தோம்.

வடிகட்டி இரண்டு வகை. ஒன்றில் 15 செ.மீ. மணல் மட்டும். மற்றதில் மேலே 10 செ.மீ. மணல், அதன் கீழ் 5 செ.மீ. மரக்கரித்தூள். மொத்த உயரம் இரண்டிலும் ஒன்றே என்பதைக் கவனியுங்கள். கரி உள்ளதை மட்டும் 20 செ.மீ. ஆக்கினால், கிடைத்த பலன் கரியாலா, கூடுதல் உயரத்தாலா என்று யாராலும் சொல்ல முடியாது. ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். மணல் மேலே இருப்பதற்கும் காரணம் உண்டு: சேறு முதலில் மணலில் நின்றுவிட்டால் கரியின் துளைகள் அடைபடாது.

ஒவ்வொரு வகை நீருக்கும் தனி வடிகட்டி வேண்டும். சேறு ஊற்றியதிலேயே நிறமியை ஊற்றக் கூடாது. ஆக மொத்தம் ஆறு பாட்டில். ஒரே அளவுள்ள இரண்டு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டில்களின் அடிப்பகுதியை ஒரு பெரியவர் வெட்டித் தரட்டும். வெட்டிய விளிம்பில் டேப் ஒட்டிவிடுங்கள். பாட்டிலைத் தலைகீழாக நிறுத்தி, வாயில் இரண்டு மடிப்புப் பருத்தித் துணியை ரப்பர் பேண்டால் இறுக்கிக் கட்டி, அதன் மேல் ஒரு கைப்பிடி கழுவிய சிறு கூழாங்கல் போட்டு, அப்புறம் கரி, மணல். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு வட்டத் துணி வையுங்கள். இல்லையென்றால் ஊற்றும் நீர் மணலில் குழி பறித்து, அந்த ஓட்டை வழியாகவே இறங்கிவிடும்.

கரியைப் பற்றி ஒரு எச்சரிக்கை. சுலபமாகப் பற்றவைக்க எதையாவது கலந்து விற்கும் கரி வேண்டாம். வெறும் மரக்கரி போதும். நனைத்து, துணிப்பையில் போட்டுத் தட்டுங்கள், தூசு பறக்காது. முகக்கவசம், கையுறை போட்டுக்கொள்ளுங்கள். பிறகு கழுவும் நீர் கருமை இல்லாமல் வரும்வரை அலச வேண்டும். மணலுக்கும் அப்படியே. இந்த வேலை அலுப்பாக இருக்கும், ஆனால் முழுச் சோதனையும் இதில்தான் நிற்கிறது. கரியில் ஒட்டியிருக்கும் சாம்பல் நீரில் கரையும். சரியாகக் கழுவாவிட்டால் வடிகட்டிய பிறகு டிடிஎஸ், அதாவது நீரில் கரைந்த பொருள்களின் மொத்த அளவு, கூடியிருப்பதைப் பார்ப்பீர்கள். எனவே சோதனைக்கு முன் வெறும் குழாய் நீரை ஒவ்வொரு வடிகட்டியிலும் விட்டு, உள்ளே போகும் நீரையும் வெளியே வரும் நீரையும் அளந்து எழுதிவையுங்கள். அதுதான் உங்கள் ஒப்பீட்டு அளவு.

இனி அளவீடு. “சுத்தமாக இருக்கிறது” என்று எழுதாதீர்கள், எண் எழுதுங்கள். களிமண் நீருக்கு: நேரான, தட்டை அடியுள்ள உயரமான கண்ணாடிக் குவளையை, கருப்புப் பேனாவால் கூட்டல் குறி போட்ட தாளின் மேல் வையுங்கள். நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக்கொண்டே மேலிருந்து பாருங்கள். குறி மறையும் உயரத்தை ஸ்கேலால் அளங்கள். கலங்கல் அதிகமென்றால் சீக்கிரம் மறையும். இரண்டு பேர் தனித்தனியாகப் பார்த்து, ஒருவர் அளவை மற்றவரிடம் சொல்லாமல் எழுத வேண்டும். குவளை நிறைந்தும் குறி தெரிந்தால் “மறையவில்லை” என்றே எழுதுங்கள்.

நிறத்துக்கு ஒரு வரிசை தயாரியுங்கள்: அசல் நிற நீர், அதில் பாதி அடர்த்தி, கால், அரைக்கால், கடைசியில் வெறும் நீர். ஒரே மாதிரி ஐந்து டம்ளரில் வெள்ளைத் தாளின் முன் வைத்து, வடிந்த நீர் எதோடு ஒத்துப்போகிறது என்று பாருங்கள். உப்புக்கு டிடிஎஸ் மீட்டர். லிட்டருக்கு 1 கிராம் என்றால், குழாய் நீரில் ஏற்கெனவே உள்ளதோடு சேர்த்து, 1000 அல்லது அதற்குச் சற்று மேல் காட்டும்.

ஒவ்வொரு வடிகட்டியிலும் 500 மி.லி. வீதம் மூன்று முறை ஊற்றி, ஒவ்வொன்றையும் தனியாக அளந்து, நீர் இறங்க எடுத்த நேரத்தையும் குறியுங்கள். இந்த மூன்றையும் கூட்டிச் சராசரி எடுக்காதீர்கள். மூன்றாவது ஊற்றலில் கரி ஏற்கெனவே வேலை செய்து களைத்திருக்கலாம். அந்த மாற்றமே ஒரு தகவல். சராசரி வேண்டுமென்றால் ஆறு வடிகட்டிகளையும் புதிதாகக் கட்டி மீண்டும் செய்ய வேண்டும். நேரம் இருந்தால் செய்யுங்கள், நிச்சயம் பலன் இருக்கும்.

என்ன எதிர்பார்க்கலாம்? களிமண்ணை இரண்டு வடிகட்டியும் ஓரளவு பிடிக்கும், முழுவதும் பிடிக்காது. களிமண்ணின் நுண் துகள்கள் அவ்வளவு சிறியவை: ஒரு மைக்ரான் துகள் அசையாத நீரில் 10 செ.மீ. இறங்கவே ஒரு நாளுக்கு மேல் ஆகும். நிறத்தில்தான் கரி தன் வேலையைக் காட்ட வேண்டும். கரியின் எண்ணற்ற நுண்துளைச் சுவர்களில் நிறமி மூலக்கூறுகள் ஒட்டிக்கொள்வதைப் பரப்புக் கவர்ச்சி என்கிறோம். சாதாரண மரக்கரியில் இது, கடையில் வடிகட்டிக்கென்று விற்கும் கிளர்வூட்டிய கரியைவிடக் குறைவு. அதனால் நிறம் கொஞ்சம்தான் குறைந்தால் ஏமாற வேண்டாம், வந்ததை அப்படியே எழுதுங்கள். முதல் ஊற்றலில் வடிகட்டிக்குள் தங்கிய குழாய் நீர் கலந்து உப்பின் அளவு குறையலாம், ஆனால் மூன்றாவது ஊற்றலில் உப்பு இரண்டிலும் ஏறக்குறைய அப்படியே வெளியே வரும். கண்ணாடி போலத் தெளிந்த அந்த நீரை மீட்டரோடு மேசையில் வையுங்கள். பார்வையாளர் நின்று யோசிக்கும் இடம் அதுவாகத்தான் இருக்கும்.

“அப்போ இந்தத் தண்ணியைக் குடிக்கலாமா?” என்று நடுவர் கேட்பார். கூடாது என்று தெளிவாகச் சொல்லுங்கள். கிருமி எதையும் நாம் சோதிக்கவில்லை. 1854இல் லண்டனில் காலரா பரவியபோது, ஜான் ஸ்நோ என்ற மருத்துவர் ஒரு தெருப் பம்பின் நீரைச் சந்தேகித்தார். அந்த நீரில் கண்ணுக்குத் தெரியும் அசுத்தம் அதிகம் இல்லை, ஆனாலும் குடித்தவர்கள் பலர் இறந்தார்கள். கிருமியைக் கொல்லக் கொதிக்கவைப்பது, குளோரின் சேர்ப்பது போன்ற தனி வழிகள் உண்டு. குளோரின் மருந்தையோ அடுப்பையோ கண்காட்சி மேசைக்குக் கொண்டுவர வேண்டாம். பலகையில் எழுதினால் போதும். எல்லாக் குவளைகளிலும் “குடிக்கக் கூடாது” என்று பெரிதாக ஒட்டுங்கள், சின்னப் பிள்ளைகள் வருவார்கள்.

பலகையின் நடுவில் ஒரே ஒரு அட்டவணை: மூன்று வகை நீர் மூன்று வரிசையாக, இரண்டு வடிகட்டி இரண்டு நெடுவரிசையாக, ஒவ்வொரு கட்டத்திலும் முன், பின் அளவு. கேள்வி அதற்கு மேலே, செய்முறைப் படம் இடப்பக்கம். எதிர்பார்த்ததற்கு மாறாக ஏதாவது வந்திருந்தால் அதை வலப்பக்கம் தனியாக எழுதி, காரணம் என்னவாக இருக்கலாம் என்று உங்கள் ஊகத்தையும் சேர்த்துவிடுங்கள்.

முடிந்ததும் சேற்று நீரைச் செடிக்கு ஊற்றலாம், உப்பு நீரை வேண்டாம், செடி வாடும். மணலையும் கரியையும் தொட்டியில் கொட்டினால் குழாய் அடைத்துக்கொள்ளும். துணியில் வடித்து, காயவைத்து, மண்ணோடு சேருங்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகு நோட்டை எடுத்துக்கொண்டு வெள்ளிக்கிழமை ஆய்வகத்துக்கு வாருங்கள், முதல் அளவீடுகளைச் சேர்ந்து பார்ப்போம்.