மின் தொழில்நுட்ப டிப்ளோமாவுக்கான விண்ணப்பதாரர் கூற்று

ஹட்டனுக்கு அருகே ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் 11 வருடங்களாக மின் பராமரிப்பு வேலை செய்கிறேன். சாதாரண தரப் பரீட்சை எழுதிய கையோடு உதவியாளாகச் சேர்ந்தேன். 2021இல், முன் அனுபவத்தை மதிப்பிட்டு வழங்கும் முறையில், தேசிய தொழிற்தகைமை 4ஆம் மட்டச் சான்றிதழ் கிடைத்தது. இப்போது 5ஆம் மட்ட டிப்ளோமாவுக்கு விண்ணப்பிக்கிறேன்.

எங்கள் தொழிற்சாலையில் இரவு வேலைதான் பள்ளிக்கூடம். கொழுந்தை வாட்டும் தொட்டியில் பரப்பிய பிறகு, காற்றடிக்கும் விசிறி நின்றால் கொழுந்து சூடேறிச் சிவந்துவிடும். காலையில் பார்க்கலாம் என்று விட முடியாது. அதனால் காதும் மூக்கும் பழகிவிட்டன. ஸ்க்ரூ டிரைவரின் முனையை மோட்டாரில் வைத்து, பிடியைக் காதோடு சேர்த்துக் கேட்டால் எந்தப் பக்கத்து பெயரிங் போகிறது என்று சொல்வேன். ஒரு ஃபேஸ் போன மோட்டாரின் உறுமல் தூரத்திலேயே தெரியும். மழைக்காலத்தில் இரண்டு நாள் பூட்டிக் கிடந்த மோட்டாரை மெகர் வைத்துப் பார்க்காமல் ஓட்டமாட்டேன். ஈரமும் தேயிலைத் தூசும் சேர்ந்து வைண்டிங்கைக் கெடுத்த மோட்டார்கள் பலவற்றைக் கழற்றியிருக்கிறேன்.

அப்புறம், எனக்குத் தெரியாததைக் காட்டிய ஒரு மோட்டார். 15 கிலோவாட், ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர். ஓவர்லோட் ரிலேயை மாற்றியபோது, பெயர்ப் பலகையில் இருந்த 28 ஆம்பியரையே வைத்தேன். சில வாரங்களில் வைண்டிங் எரிந்துபோனது. ரிலே விழவே இல்லை. எனக்குத் தொழில் சொல்லித்தந்த பெரியவர் வந்து பார்த்துவிட்டு, "தம்பி, இது டெல்டாவுக்கு உள்ளே இருக்கிற ரிலே, 16 தான் வைக்கணும்" என்றார். ஏன் என்று கேட்டேன். "அப்படித்தான் வைப்பாங்க" என்றார். 28ஐ 0.58ஆல் பெருக்கினால் 16 வரும் என்பதைப் பிறகு தெரிந்துகொண்டேன். அந்த 0.58 என்பது மூன்றின் வர்க்கமூலத்தின் தலைகீழ் என்றும் படித்தேன். ஆனால் மூன்று ஃபேஸ்களையும் கோணத்தோடு வரைந்து அதை நானே நிறுவிக்காட்ட எனக்கு இன்னும் தெரியாது. அந்த மோட்டார் எரிந்தது என் கையால். அது இன்றும் உறுத்துகிறது.

இதுபோல் இன்னும் உண்டு. விசிறியை வி.எஃப்.டி. மூலம் 50 ஹேர்ட்ஸிலிருந்து 40க்குக் குறைத்தால், அது எடுக்கும் வலு ஏறக்குறையப் பாதியாகிறது. வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப மாறும் என்றார்கள், 0.8 × 0.8 × 0.8 = 0.512, கணக்கு சரியாக வருகிறது. மும்மடி எங்கிருந்து வருகிறது என்று யாரிடமும் விடை கிடைக்கவில்லை. வலுக்காரணியைத் திருத்தக் கப்பாசிட்டர் பொருத்துகிறேன், எத்தனை கே.வி.ஏ.ஆர். வேண்டும் என்பதை வேறொருவர்தான் கணக்கிட்டுத் தருகிறார்.

திரிகோண கணிதத்திலும் சிக்கலெண்களிலும் நான் பலவீனமானவன். ஆறு மாதமாக உயர்தரப் பாடப் புத்தகத்தை வைத்துத் தனியாகப் படித்துவருகிறேன். விரிவுரைகள் ஆங்கிலத்தில் இருக்கும் என்பதால் மோட்டார் கையேடுகளை அகராதியோடு வாசிக்கிறேன். வார இறுதி வகுப்புகளுக்கு வர, சனி, ஞாயிறு இரவு முறைகளை வேறொருவரோடு மாற்றிக்கொள்ள மேலாளர் எழுத்தில் அனுமதி தந்துள்ளார். அக்கடிதத்தை இத்துடன் இணைத்துள்ளேன்.