ஆகஸ்ட் 4 மெயில் தொடர்பாக: மும்பை சமையலறைக்கு உங்கள் 2 லிட்டர் கிரைண்டர்

வணக்கம் மேடம்,

நான் செல்வி, மும்பை மாட்டுங்காவிலிருந்து எழுதுகிறேன். இங்குள்ள தமிழ்க் குடும்பங்களுக்காக யூடியூபில் சமையல் சேனல் நடத்துகிறேன். உங்கள் 2 லிட்டர் டேபிள் டாப் டில்டிங் கிரைண்டரை வைத்து ஒரு ஸ்பான்சர் வீடியோ செய்யலாமா என்று ஆகஸ்ட் 4, திங்கட்கிழமை உங்களுக்கு மெயில் அனுப்பியிருந்தேன். இன்றோடு பதினாறு நாள் ஆகிறது. பண்டிகை சீசனுக்கு முன்னால் உங்களுக்கு எவ்வளவு வேலை இருக்கும் என்று தெரியும். தவிர அந்த மெயிலோடு பெரிய பிடிஎஃப் ஒன்றையும் இணைத்திருந்தேன், அதனாலேயே அது ஸ்பாமுக்குப் போயிருக்கவும் வாய்ப்பு உண்டு. இந்த முறை இணைப்பு எதுவும் இல்லை, சொல்ல வேண்டியதை எல்லாம் இங்கேயே எழுதிவிடுகிறேன். பழைய மெயிலும் சேனல் லிங்கும் கீழே இதே தொடரில் இருக்கின்றன.

முதல் மெயில் அனுப்பியபோது என்னிடம் இல்லாத ஒரு விஷயம் இப்போது இருக்கிறது, முக்கியமாக அதற்காகத்தான் திரும்ப எழுதுகிறேன். ஆகஸ்ட் 9-ஆம் தேதி இட்லி மாவு பற்றி ஒரு வீடியோ போட்டேன். மும்பை மழைக்காலத்தில் மாவு ஏன் சீக்கிரம் புளிக்கிறது, மிக்ஸியில் அரைத்தால் உளுந்து ஏன் சூடாகிறது, அரிசியையும் உளுந்தையும் ஏன் தனித்தனியாக அரைக்க வேண்டும் என்று சாதாரணமாகப் பேசிய வீடியோதான். அதன் கீழே 64 பேர் ஏறக்குறைய ஒரே கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள்: "கிரைண்டர் வாங்க ஆசைதான், ஆனால் எங்கள் கிச்சனில் அதை எங்கே வைப்பது?" சரி என்று, அடுப்பும் தண்ணீர் ஃபில்டரும் போக மேடையில் மிச்சம் எவ்வளவு இடம் இருக்கிறது என்று டேப் வைத்து அளந்து அனுப்பச் சொன்னேன். தாராவி, செம்பூர், ஆண்டாப் ஹில், முலுண்ட், டோம்பிவலியிலிருந்து 23 பேர் அனுப்பினார்கள். பாதிக்கு மேல் ஒன்றே கால் அடியிலிருந்து ஒன்றரை அடிக்குள்தான். ஒரு அக்கா, மேடையில் இடமே இல்லாததால் அம்மா கொடுத்துவிட்ட பழைய கிரைண்டர் ஆறு வருஷமாகக் கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது என்று எழுதியிருந்தார். படித்துவிட்டு எனக்கு மனசு கேட்கவில்லை மேடம். இவர்கள் எல்லாரும் வாரம் இரண்டு முறை பாக்கெட் மாவு வாங்குகிறார்கள், அதன் புளிப்பைப் பற்றி எனக்கு நாள் தவறாமல் எழுதுகிறார்கள், வீட்டில் அரைக்க மனமும் இருக்கிறது. யாராவது ஒருவர் கிரைண்டரை நிஜமான மும்பை கிச்சனில் வைத்துக் காட்டினால் தைரியமாக வாங்குவார்கள்.

அதனால் முதலில் சொன்ன "கிரைண்டர் ரிவ்யூ" என்ற யோசனையை மாற்றிவிட்டேன், அது எல்லாரும் செய்வதுதான். இப்போது நான் நினைப்பது, உங்கள் மாடலை மூன்று வீடுகளுக்கு எடுத்துப்போய் அங்கேயே அரைத்துக் காட்டுவது: தாராவியில் மாடிப்படி ஏணி மாதிரி செங்குத்தாக இருக்கும் ஒரு வீடு, செம்பூரில் ஒரு ஒன் ரூம் கிச்சன், டோம்பிவலியில் காலை லோக்கலைப் பிடிக்க ஐந்தரைக்கே கிளம்பும் ஒருவரின் வீடு. மூவரும் சம்மதம் சொல்லிவிட்டார்கள். நான்கு பங்கு இட்லி அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து, மூன்று வீட்டிலும் ஒரே அளவு. எவ்வளவு நேரம் அரைந்தது, மாவு தொடச் சூடாக இருந்ததா, டிரம்மைச் சாய்த்து மாவை வழிக்க மேடைக்கு முன்னால் எவ்வளவு இடம் விட வேண்டியிருந்தது, கல்லைக் கழற்றி அந்தச் சின்ன சிங்க்கில் கழுவ முடிந்ததா என்று எல்லாம் பார்ப்போம். பக்கத்து வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு நின்றால் சத்தம் எவ்வளவு கேட்கிறது என்பதும் இருக்கும், ஏனென்றால் இங்கே இரண்டு வீட்டுக்கு நடுவில் ஒற்றைச் சுவர்தான், இடத்துக்கு அடுத்தபடியாக எல்லாரும் பயப்படுவது இந்தச் சத்தத்துக்குத்தான்.

இதில் ஒன்றை இப்போதே நேராகச் சொல்லிவிடுகிறேன். சத்தம் அதிகம் என்றால் அதிகம் என்றுதான் வீடியோவில் வரும். போன வருஷம் வேறொரு சமையலறைப் பொருளுக்கு வீடியோ செய்தபோது, மூடி சரியாகப் பொருந்தவில்லை என்று நான் சொன்ன இடத்தை வெட்டச் சொன்னார்கள், நான் வெட்டவில்லை, அந்த வேலை அத்தோடு நின்றுபோனது. அதில் எனக்கு வருத்தம் இல்லை. வெளியிடுவதற்கு மூன்று நாள் முன்பு வீடியோவை உங்களுக்கு அனுப்புவேன். விலை, வாரண்டி, மோட்டார் விவரம் எதிலாவது தவறு இருந்தால் சொல்லுங்கள், உடனே திருத்திவிடுகிறேன், அபிப்பிராயம் மட்டும் என்னுடையதாக இருக்கட்டும். இது கட்டண விளம்பரம் என்று முதல் சில நொடிகளிலேயே வாயாலும் சொல்வேன், திரையிலும் போடுவேன், யூடியூபின் "Includes paid promotion" குறிப்பும் இருக்கும். ஏஎஸ்சிஐ விதிமுறை அப்படித்தான் கேட்கிறது, அது இல்லாவிட்டாலும் நான் சொல்லிவிடுவேன்.

கட்டணம் முன்பு சொன்ன அதே 45,000 ரூபாய்தான். அதில் 12 நிமிட வீடியோ ஒன்று, அதிலிருந்து இரண்டு ஷார்ட்ஸ், மூன்று வீட்டுக்கும் டாக்ஸிச் செலவு எல்லாம் அடக்கம். நான் ஜிஎஸ்டி பதிவு வரம்புக்குக் கீழே இருக்கிறேன், அதனால் பில்லில் ஜிஎஸ்டி வராது, டிடிஎஸ் பிடித்துக்கொண்டு கொடுத்தால் போதும். சேனலில் இப்போது 27,400 சந்தாதாரர்கள். பெரிய எண்ணிக்கை இல்லைதான், ஆனால் பார்ப்பவர்களில் பாதிப் பேர் மும்பை, தானே, நவி மும்பையில் இருப்பவர்கள், பெரும்பாலும் மாவு அரைக்கும் வயதும் பொறுப்பும் உள்ளவர்கள்.

இந்த சீசனில் அவ்வளவு பட்ஜெட் இல்லை என்றால் இன்னொரு வழியும் இருக்கிறது. ஒரு கிரைண்டரை மூன்று வாரத்துக்கு மட்டும் கொடுத்து வையுங்கள், போய்வரும் கூரியர் செலவு உங்களுடையது, எனக்குக் கட்டணம் வேண்டாம். இரண்டு ஷார்ட்ஸ் மட்டும் போட்டுவிட்டுப் பொருளைப் பத்திரமாகப் பேக் செய்து திருப்பி அனுப்பிவிடுகிறேன். கிரைண்டர் உங்களிடமிருந்து வந்தது என்பதை அதிலும் சொல்வேன். பெரிய வீடியோ அளவுக்கு இது போய்ச் சேராது, ஆனாலும் அந்த 23 பேருக்கு ஒரு பதிலாவது கிடைக்கும்.

தேதிதான் கொஞ்சம் நெருக்குகிறது. செப்டம்பர் 22 நவராத்திரி ஆரம்பம், அக்டோபர் 1 ஆயுத பூஜை. அன்றைக்குக் கிரைண்டருக்கும் சந்தனம் குங்குமம் வைக்கும் வீடுகள்தான் இங்கே அதிகம், புதிதாக வாங்குபவர்களும் அதற்கு முன்னால் வாங்கிவிடப் பார்ப்பார்கள். வீடியோ செப்டம்பர் 18-க்குள் வெளிவர வேண்டும் என்றால் கிரைண்டர் 5-ஆம் தேதிக்குள் என் கைக்கு வர வேண்டும். கோயம்புத்தூரிலிருந்து கல்லோடு வருகிற கனமான பார்சல், நடுவில் இங்கே கணபதி கூட்டமும் சாலை மறிப்பும் வேறு. அதனால் வருகிற 29, வெள்ளிக்கிழமைக்குள் உங்கள் முடிவு தெரிந்தால் எனக்குப் பெரிய உதவியாக இருக்கும். அதுவரை வேறு எந்த கிரைண்டர் நிறுவனத்திடமும் இதைப் பற்றிப் பேசமாட்டேன்.

நீளமாக எழுத வேண்டாம் மேடம். "வீடியோ சரி", "மூன்று வாரம் மட்டும்", "இப்போது வேண்டாம்", இந்த மூன்றில் ஒன்றை அனுப்பினால் போதும், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன். இதை முடிவு செய்வது வேறு ஒருவர் என்றால் இந்த மெயிலை அப்படியே அவருக்குத் தட்டிவிடுங்கள். வேண்டாம் என்றாலும் தயங்காமல் சொல்லுங்கள், நான் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டேன், இதற்கு மேல் நினைவூட்டியும் எழுதமாட்டேன்.

அளவு அனுப்பிய 23 சமையலறைகளின் பட்டியலும் போட்டோக்களும் என்னிடம் இருக்கின்றன, பெயரை எடுத்துவிட்டு உங்களோடு பகிர அவர்கள் சம்மதித்திருக்கிறார்கள். வீடியோ நடந்தாலும் நடக்காவிட்டாலும், உங்கள் டிசைன் பார்ப்பவர்களுக்கு அது பயன்படும் என்றால் சொல்லுங்கள், அனுப்பிவைக்கிறேன்.

அன்புடன்,
செல்வி
மாட்டுங்கா, மும்பை
ஆகஸ்ட் 20, புதன்கிழமை