இடைவேளையில் கைபேசி விளையாட்டு: தெளிவான விதிகள் கோரி ஒரு பெற்றோரின் கடிதம்

மதுரை,
10.11.2025

அனுப்புநர்:
ரா. மீனாட்சி,
9-ஆம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவன் கவினின் தாய்.

பெறுநர்:
தலைமையாசிரியை அவர்கள்.

பொருள்: இடைவேளைகளில் கைபேசியில் விளையாடுவது குறித்து எழுத்துப்பூர்வமான விதிகள் வேண்டுதல்.

மதிப்பிற்குரிய அம்மா,

வணக்கம். ஜூன் மாதச் சுற்றறிக்கையில் ‘கைபேசியை அவசரத் தேவைக்கு மட்டும் பயன்படுத்தலாம்’ என்று இருக்கிறது. மேலூர், திருமங்கலம் பக்கமிருந்து பஸ்ஸில் வரும் பிள்ளைகளுக்கு போன் அவசியம்தான். கொண்டுவரவே கூடாது என்று நான் கேட்கவில்லை. ஆனால் இடைவேளையில் விளையாடலாமா, கூடாதா என்று அந்த ஒரு வரியிலிருந்து யாருக்கும் புரியவில்லை. ஒரு ஆசிரியர் பார்த்தும் பேசாமல் போகிறார், இன்னொருவர் அதே விளையாட்டுக்குப் போனைப் பிடுங்கி ஒரு வாரம் வைத்துக்கொள்கிறார். பிள்ளைகள் விதியைப் பார்ப்பதில்லை, இன்று யாருக்கு டியூட்டி என்றுதான் பார்க்கிறார்கள்.

‘பத்து நிமிடம்தானே, ஆடிவிட்டுப் போகட்டும்’ என்று விடுவதில்தான் சிக்கல். ஃப்ரீ ஃபயர் மேக்ஸில் ஒரு மேட்ச் சுமார் 10 நிமிடம், பிஜிஎம்ஐ-யில் பெரிய மேப் என்றால் அரை மணி நேரம் வரை போகும். ஆன்லைன் மேட்சை நடுவில் நிறுத்திவைக்க வழியில்லை. பாதியில் வெளியேறினால் ரேங்க் புள்ளி குறையும், ஸ்குவாடில் இருக்கும் மற்ற மூன்று பேரும் திட்டுவார்கள். நமது காலை இடைவேளையே 10 நிமிடம். எல்லோரும் உள்ளே வந்து மேட்ச் தொடங்கவே 2, 3 நிமிடம் ஆகிவிடும். அதனால் மணி அடிக்கும்போது பிள்ளை ஆட்டத்தின் உச்சத்தில் இருப்பான். வகுப்புக்குத் தாமதமாவதும், டெஸ்க்குக்கு அடியில் விளையாட்டு தொடர்வதும் இதனால்தான். மதிய இடைவேளையில் சாப்பாடு அப்படியே வீட்டுக்குத் திரும்பி வருகிறது.

‘சிம் இல்லாத போன் பரவாயில்லை’, ‘ஏரோபிளேன் மோடில் வைத்தால் போதும்’ என்ற விதிகள் நிற்காது. ஒருவன் ஹாட்ஸ்பாட் போட்டால் நான்கு பேர் ஆடலாம். ஏரோபிளேன் மோடிலும் வைஃபையை மட்டும் தனியாக ஆன் செய்துகொள்ள முடியும். லூடோவுக்கு நெட்டே தேவையில்லை, ஒரே போனைக் கைமாற்றி ஆடலாம். அதில் கேன்டீன் காசைப் பந்தயம் வைப்பதும் நடக்கிறது. விளையாட்டுக்குள் செலவழிக்கும் டைமண்டைக் காசு கொடுத்து டாப்-அப் செய்ய நண்பனிடம் கடன் வாங்கி, அது பிறகு சண்டையில் முடிவதும் உண்டு. வாய்ஸ் சாட்டில் அந்த முனையில் பேசுவது யாரென்று பிள்ளைக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது.

ஆகவே கீழ்க்கண்டவற்றை எழுத்தில் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

1. பள்ளி வாயிலில் நுழைந்தது முதல் கடைசி மணி வரை போன் சைலண்டில் அல்ல, முழுவதும் ஸ்விட்ச் ஆஃப். இரண்டு இடைவேளைகளுக்கும், ஆசிரியர் வராத பாடவேளைக்கும், பள்ளி வேனுக்கும் இது பொருந்துமா என்பதைப் பெயர் சொல்லிக் குறிப்பிட வேண்டும். வேனை விட்டுவிட்டால் எல்லாம் அங்கே போய்விடும்.

2. சர்க்கரை நோய்க்கு உடலில் சென்சார் பொருத்திய பிள்ளைகள் அளவைப் போனில்தான் பார்க்க வேண்டியிருக்கும். அவர்களுக்கு மருத்துவர் சீட்டின் பேரில் விலக்கு.

3. வீட்டுக்குப் பேச வேண்டுமானால் அலுவலகத் தொலைபேசி. அதை யாரிடம் கேட்பது, அங்கே யாரும் இல்லையென்றால் என்ன செய்வது என்பதும் வேண்டும்.

4. போனை வாங்கி வைப்பதாக இருந்தால், மாணவனே அதை அணைத்துத் தரட்டும். உறையில் பெயர், வகுப்பு, நேரம், இருவர் கையெழுத்து இருக்கட்டும். திரையில் ஏற்கெனவே கீறல் இருந்தால் அதையும் எழுதிவிட்டால் பின்னால் வாக்குவாதம் வராது. பின் நம்பரைக் கேட்கவோ உள்ளே இருக்கும் படங்களைப் பார்க்கவோ கூடாது; ஐயம் இருந்தால் பெற்றோர் முன்னிலையில் பார்க்கலாம்.

5. முதல் முறை அன்று மாலையே மாணவனிடம் திருப்பித் தர வேண்டும். பஸ்ஸில் போகும் பிள்ளையை போன் இல்லாமல் இருட்டில் அனுப்ப முடியாது. இரண்டாம் முறை பெற்றோர் நேரில் வந்து வாங்கட்டும். மூன்றாம் முறை, அந்தப் பருவம் முடியும் வரை காலையில் அலுவலகத்தில் ஒப்படைத்து மாலையில் பெற்றுக்கொள்ளட்டும். எல்லா ஆசிரியரும் இதே வரிசையைப் பின்பற்ற வேண்டும். அபராதத் தொகை வேண்டாம். அது பெற்றோர் பையிலிருந்துதான் போகும்.

தடை மட்டும் போட்டால் பிள்ளைகள் மாடிப்படிக்கு அடியிலும் கழிவறையிலும் போய் நிற்பார்கள். கழிவறைக்குள் கேமரா உள்ள போன் போவது விளையாட்டைவிடப் பெரிய ஆபத்து. மழை நாளில் மைதானம் இல்லாதபோது வராந்தாவில் மூன்று கேரம் போர்டும் நான்கைந்து செஸ் போர்டும் போட்டால் நல்லது. பெற்றோர் சிலர் சேர்ந்து அவற்றை வாங்கித் தரத் தயாராக இருக்கிறோம்.

அரையாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் நாளில் விதிகள் நடைமுறைக்கு வந்தால் வசதி. அதற்கு முன் ஒரு பெற்றோர் கூட்டத்தில் வரைவை வாசித்துக் காட்டி, பெற்றோரும் மாணவரும் கையெழுத்திட ஒரு பிரதியை வீட்டுக்கு அனுப்புமாறு வேண்டுகிறேன். இது பற்றிப் பேச எந்த வேலைநாளிலும் மாலை 4 மணிக்கு மேல் நேரில் வருகிறேன்.

நன்றி.

இப்படிக்கு,
ரா. மீனாட்சி

நகல்: 9 ‘ஆ’ வகுப்பாசிரியர்