பள்ளிப் பருவம் ஒன்றுக்கு மட்டும் பணி நேரத்தை மாற்றித் தரக் கோரும் கடிதம்

செப்டம்பர் 15, 2025

அனுப்புநர்
செ. கலைவாணி,
மூத்த கணக்காளர்,
பட்டியல் செலுத்துகைப் பிரிவு.

பெறுநர்
மேலாளர் அவர்கள்,
கணக்குத் துறை,
தலைமை அலுவலகம்.

பொருள்: மகளைப் பள்ளியிலிருந்து அழைத்து வருவதற்காக, அக்டோபர் 6 முதல் டிசம்பர் 19 வரை பணி நேரத்தை மாற்றியமைத்துத் தர வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த வெள்ளிக்கிழமை மாலை இது பற்றித் தங்களிடம் சுருக்கமாகச் சொன்னபோது, எல்லாவற்றையும் எழுத்தில் தந்தால் நிர்வாகத்திடம் பேச வசதியாக இருக்கும் என்று கூறினீர்கள். அதன்படி இக்கடிதத்தை எழுதுகிறேன்.

என் மகள் ஒன்றாம் வகுப்பில் படிக்கிறாள். பள்ளி மாலை 3.15 மணிக்கு முடிகிறது. இதுவரை என் மாமியார்தான் அவளை அழைத்து வந்துகொண்டிருந்தார். அவருக்கு அக்டோபர் 3 அன்று முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை நடக்கவிருக்கிறது. அதன்பின் ஏறத்தாழ மூன்று மாதங்களுக்கு நெடுந்தூரம் நடக்கவோ, வண்டியில் ஏறி இறங்கவோ கூடாது என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். என் கணவரின் பணி காலை 10.30 மணிக்குத் தொடங்கி இரவு 8 மணிக்கு முடிவதால், காலையில் மகளைக் கிளப்பிப் பள்ளியில் விடுவதை அவர் பார்த்துக்கொள்வார்; மாலையில் அவரால் வர இயலாது. பள்ளியிலேயே மாலை நேரப் பராமரிப்பு வகுப்பு இருக்கிறது என்றாலும், இந்தப் பருவத்திற்கான இடங்கள் நிரம்பிவிட்டன. ஜனவரியில் தொடங்கும் அடுத்த பருவத்திற்கு மகளின் பெயரைப் பதிந்து, இடம் உறுதியானதற்கான கடிதத்தையும் வாங்கிவிட்டேன். ஆகவேதான் ஒரே ஒரு பருவத்திற்கு மட்டும், அதாவது 11 வாரங்களுக்கு மட்டும், இந்தச் சலுகையைக் கேட்கிறேன்.

பள்ளி வேனில் அனுப்பலாமே என்று தங்களுக்குத் தோன்றக்கூடும். நாங்களும் முதலில் அதைத்தான் விசாரித்தோம். வேன் எங்கள் தெருவிற்குள் வருவதில்லை. பிரதான சாலையில் இறக்கிவிட்டுப் போய்விடும். அங்கே பெரியவர் ஒருவர் நின்று கையெழுத்திட்டால்தான் குழந்தையை இறக்குவார்கள். அந்த விதி குழந்தையின் பாதுகாப்பிற்கானது என்பதால் அதில் எனக்கு மறுப்பேதும் இல்லை; ஆனால் அங்கே போய் நிற்க எங்கள் வீட்டில் தற்போது ஆள் இல்லை.

நான் கேட்பது வேலைக் குறைப்பு அன்று, நேர மாற்றம் மட்டுமே. இப்போது காலை 9.30 முதல் மாலை 6 மணி வரை, அரை மணி உணவு இடைவேளை போக, எட்டு மணி நேரம் வேலை செய்கிறேன். அதற்குப் பதிலாக, காலை 7.45 மணிக்கு அலுவலகம் வந்து பிற்பகல் 2.45 வரை இருந்து, அதே அரை மணி இடைவேளை போக ஆறரை மணி நேரத்தை இங்கேயே முடித்துவிட்டு, மீதமுள்ள ஒன்றரை மணி நேரத்தை மாலை 4.30 முதல் 6 மணி வரை வீட்டிலிருந்து செய்ய அனுமதி கோருகிறேன். எட்டு மணி நேரக் கணக்கில் ஒரு நிமிடமும் குறையாது. காவலர் 7.30 மணிக்கே அலுவலகத்தைத் திறந்துவிடுவதால் எனக்காக யாரும் முன்னதாக வர வேண்டிய தேவையும் இல்லை. மாலையில் நான் வேலை பார்க்கும்போது மகளுடன் மாமியார் இருப்பார். அவரால் நடக்கத்தான் இயலாதே தவிர, பேத்தியை அருகில் உட்காரவைத்துப் பாடம் எழுதச் சொல்ல இயலும். குழந்தையைக் கவனித்துக்கொண்டே அரைகுறையாகப் பில் பார்க்கும் நிலை வராது என்பதை உறுதியாகச் சொல்கிறேன்.

இந்த மாற்றத்தால் நம் வேலையில் எங்கெங்கே இடைஞ்சல் வரக்கூடும் என்று கடந்த இரண்டு வாரங்களாகக் குறிப்பெடுத்துப் பார்த்தேன். வங்கிக் கணக்குச் சரிபார்ப்பும் முந்தைய நாள் வந்த பில்களைப் பதிவதும் காலையில் செய்யும் வேலைகள். தொலைபேசி ஒலிக்கத் தொடங்குவதற்கு முன்பு, 7.45 முதல் 9.30 வரையிலான ஒன்றே முக்கால் மணி நேரத்தில் அவை இப்போதைவிட விரைவாகவே முடியும். பிற்பகல் 1 மணிக்கு வங்கிக்குப் போகும் பணம் செலுத்தும் கோப்பிலும் மாற்றமில்லை. சிக்கல் இருப்பது இரண்டாம் ஒப்புதலில்தான். பில்களைச் சரிபார்த்து இரண்டாவது கையெழுத்தை இடுபவள் நானாக இருப்பதால், 2.45 முதல் 4.30 வரை வரும் பில்கள் காத்திருக்க நேரிடும். கடந்த இரண்டு வாரங்களில் அந்த இடைவெளியில் வந்தவை 14 பில்கள். அவற்றில் அன்றே போயாக வேண்டியவை இரண்டு மட்டும். அப்படிப்பட்டவற்றிற்கு மட்டும் தாங்களோ, தாங்கள் குறிப்பிடும் வேறொருவரோ ஒப்புதல் தர ஏற்பாடு செய்தால் போதும், ஏனையவற்றை 4.30 மணிக்கு உட்கார்ந்ததும் முதல் வேலையாக நான் முடித்துவிடுவேன். காகித பில்கள் எதையும் வீட்டிற்கு எடுத்துச் செல்லமாட்டேன். அலுவலகம் தந்த மடிக்கணினியில், அலுவலக இணைப்பின் வழியாகவே வேலை நடக்கும்.

2.45 முதல் 4.30 வரையிலான நேரத்தில் நான் எப்படிக் கிடைப்பேன் என்பதையும் ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிடுகிறேன். 3.50 மணி வரை பெரும்பாலும் இருசக்கர வாகனத்தில் இருப்பேன், பின்னால் மகள் உட்கார்ந்திருப்பாள். ஆகவே அழைப்பை எடுக்கமாட்டேன். வீடு சேர்ந்ததும் தவறிய அழைப்புகளுக்குத் திரும்பப் பேசுவேன்.

புதன்கிழமை மறுஆய்வுக் கூட்டம் மாலை 4 மணிக்கு நடக்கிறது. வீட்டிற்குப் போய்ச் சேர்ந்த பத்தே நிமிடத்தில் காணொளியில் சேர்ந்துவிடுவேன் என்று எழுதிவிடலாம்தான். ஆனால் சாலையில் கொஞ்சம் நெரிசல் இருந்தாலும் அந்த வாக்கைக் காப்பாற்ற இயலாமல் போகும். எனவே இந்த 11 வாரங்களுக்கு மட்டும் அதைக் காலை 11 மணிக்கு மாற்ற இயலுமா, இல்லையேல் 4.30 மணிக்குத் தள்ளிவைக்க இயலுமா என்று பரிசீலிக்க வேண்டுகிறேன்.

மாத இறுதிக் கணக்கு முடிப்பில் நான் இல்லாமல் பிரிவு தவிக்கக் கூடாது என்பதில் எனக்கும் தங்களைப் போலவே அக்கறை உண்டு. அக்டோபர் 30, 31, நவம்பர் 3, 4, நவம்பர் 27, 28, டிசம்பர் 1, 2 ஆகிய எட்டு நாட்களும் நான் வழக்கமான நேரத்திலேயே, வேலை முடியும்வரை அலுவலகத்தில் இருப்பேன். அந்த எட்டு நாட்களுக்கு மட்டும் என் கணவர் உடன் பணிபுரிபவரோடு ஷிப்ட் மாற்றிக்கொண்டு மகளை அழைத்து வருவார். அவருடைய அலுவலகத்தில் இதற்கு எழுத்து மூலம் ஒப்புதல் கிடைத்துவிட்டது.

இந்தக் கோரிக்கையை ஏன் இவ்வளவு விரிவாக, முறைப்படி வைக்கிறேன் என்பதற்கு ஒரு காரணம் உண்டு. ஆகஸ்ட் 21 அன்று மாமியாருக்கு மூட்டு வலி மிகுந்துவிட்டதால் நானே பள்ளிக்குப் போக வேண்டியிருந்தது. கிளம்பும் நேரத்தில் ஒரு விற்பனையாளரின் அழைப்பு வந்தது. முடித்துவிட்டுப் போய்ச் சேர்ந்தபோது நாற்பது நிமிடம் தாமதம். வாயிற்காவலரின் நாற்காலியில், கால்கள் தரையில் எட்டாமல், பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு மகள் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. "எல்லாரும் போயிட்டாங்கம்மா" என்று மட்டும் சொன்னாள். அதற்குப் பிறகு மூன்று முறை, மாதத்திற்கான பெர்மிஷன் தீர்ந்த பின்னரும், பக்கத்து மேசையில் இருக்கும் இளநிலைக் கணக்காளரிடம் சொல்லிவிட்டுக் கிளம்பியிருக்கிறேன். அவர் முகம் சுளிக்காமல் என் வேலையையும் சேர்த்துப் பார்த்தார் என்றாலும், அது அவருக்கு நான் செய்த அநியாயம் என்றே கருதுகிறேன். அந்த மூன்று நாட்களையும் அரை நாள் விடுப்பாகக் கணக்கிட்டுக்கொள்ளுமாறு தனியே விண்ணப்பம் அளித்துள்ளேன். இன்னும் 11 வாரங்களை அப்படிச் சொல்லாமல் கொள்ளாமல் ஓட்ட எனக்கு மனமில்லை. எல்லோருக்கும் தெரிந்து, எழுத்தில் அனுமதி பெற்று, என் பங்கு வேலையை நானே முடிக்க வேண்டும் என்று விரும்புகிறேன். ஒன்பது ஆண்டுகளாக இந்தப் பிரிவில் பணிபுரியும் எனக்கு, இங்கே என் மீதுள்ள நம்பிக்கை மிகவும் மதிப்புடையது.

முதல் இரண்டு வாரங்களைச் சோதனைக் காலமாக வைத்து, அக்டோபர் 17 வெள்ளிக்கிழமை தாங்கள் என்னை அழைத்துப் பேசலாம். நிலுவையில் நின்ற பில்கள் எத்தனை, தாமதமான ஒப்புதல்கள் எத்தனை என்ற பட்டியலோடு வருவேன். பிரிவின் வேலை பாதிக்கப்படுகிறது என்று தாங்கள் கருதினால், நேரத்தை வேறு விதமாகத் திருத்திக்கொள்ள இசைகிறேன். வீட்டிலிருந்து வேலை செய்ய நிர்வாகம் அனுமதிக்காத நிலையில், அந்த ஒன்றரை மணி நேரத்திற்கான சம்பளத்தைப் பிடித்துக்கொண்டு 2.45 மணிக்குக் கிளம்ப அனுமதித்தாலும் ஏற்றுக்கொள்வேன். அது எங்கள் குடும்பத்திற்குச் சுமைதான். ஆயினும் மகளைத் தனியே காக்கவைப்பதைவிட அதைத் தாங்கிக்கொள்வது எளிது. டிசம்பர் 22 திங்கட்கிழமை முதல் நான் பழைய நேரத்திற்கே திரும்பிவிடுவேன். அதற்கெனத் தனி நினைவூட்டல் தேவைப்படாது.

மாமியாரின் அறுவை சிகிச்சைக்கு முன்பே பள்ளியில் அழைத்துச் செல்வோர் பட்டியலில் என் பெயரையும் புகைப்படத்தையும் மாற்றிப் பதிய வேண்டியிருப்பதால், செப்டம்பர் 26-க்குள் தங்கள் முடிவு தெரிந்தால் பெரிதும் உதவியாக இருக்கும். இது குறித்து நேரில் பேச விரும்பினால், வியாழக்கிழமை காலை 10 மணிக்குப் பிறகு எந்நேரமும் வந்து சந்திக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
செ. கலைவாணி

இணைப்பு: அறுவை சிகிச்சை தேதி குறித்த மருத்துவரின் கடிதம், அடுத்த பருவப் பராமரிப்பு வகுப்பில் இடம் உறுதி செய்த பள்ளிக் கடிதம், எட்டு நாட்களுக்கான கணவரின் ஷிப்ட் மாற்ற ஒப்புதல் நகல்.