அப்பா நட்ட மரம்

எல்லோருக்கும் வணக்கம். காலையில் கல்லறைத் தோட்டத்து ஜெபத்துக்கும் வந்துவிட்டு, இந்த மழையிலும் ராத்திரிச் சாப்பாட்டுக்கு குலசேகரம் வரை வந்திருக்கிறீர்கள். தம்பிக்கு லீவு கிடைக்கவில்லை, அதனால் மூத்தவள் நான் பேசுகிறேன்.

அப்பா போய் இன்றோடு ஒரு வருஷம். அவரைப் பற்றி ஒரே ஒரு விஷயம் சொல்லணும்.

2017 நவம்பர் 30, ஒக்கிப் புயல் அடித்த நாள், இங்கே யாருக்கும் மறக்காது. நம்ம விளையில் நூற்றெண்பது ரப்பர் மரத்தில் நூற்றுமுப்பதுக்கு மேல் விழுந்தது, பாதி வேரோடு, மீதி நடுவில் முறிந்து. காற்று அடங்கினதும் அப்பா வெட்டுக்கத்தியைக் கையில் பிடித்தபடியே உள்ளே போய், விழுந்த மரத்தில் கட்டியிருந்த சிரட்டைகளை ஒவ்வொன்றாகக் கழற்றி அடுக்கிக்கொண்டே இருந்தார். அம்மா கட்டன் சாயா கொண்டுபோய்க் கொடுத்தாள், அதை வாங்கி அப்படியே தரையில் வைத்துவிட்டார். அந்த முகத்தை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

அப்போது அவருக்கு அறுபத்தொன்று. இனி எதுக்கு ரப்பர், பால் வெட்ட ஏழு வருஷம் ஆகும், வாழையோ மரச்சீனியோ போடலாமே என்று பெரியப்பா உட்பட எல்லோரும் சொன்னோம், நானும்தான் சொன்னேன். அவர் யாரிடமும் வாதாடவில்லை. 2018 இடவப்பாதி மழையோடு புதுத் தை வாங்கி நட்டார், இடையில் வாழையும் வைத்தார், அதனால் எங்கள் பேச்சையும் கேட்ட மாதிரி ஆயிற்று. அப்புறம் வருஷா வருஷம் ஒரு நூலை எடுத்துக்கொண்டு போய் மரத்தைச் சுற்றி அளப்பார். ஐம்பது சென்டிமீட்டர் வந்தால்தான் வெட்டலாம். அந்த நூலில் ஐம்பதுக்கு நேராக ஒரு முடிச்சு. போன வருஷம் ஆஸ்பத்திரிக்குப் போகிறதுக்கு முந்தின வாரம்கூட அளந்துவிட்டு வந்து, "இன்னும் ரெண்டு விரல்தான் மக்களே" என்றார்.

அந்த ரெண்டு விரலும் இந்த வருஷம் வந்துவிட்டது. போன திங்கட்கிழமை விடியுமுன், நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு சித்தப்பா முதல் பட்டையை எடுத்தார். தடிக்குக் காயம் படாமல் வெட்டணும் என்று அப்பா படித்துக்கொடுத்த அதே கைப்பாகம். முதல் நாள் சிரட்டையில் கால்வாசிகூட இல்லை. ஆனால் அந்தப் பால் கீறலில் இறங்கி வரும்போது அம்மா மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள், நானும் நின்றேன், ஒருவரும் பேசவில்லை.

அப்பா, நடவேண்டாம் என்று சொன்னவள் நான். உங்கள் மரத்தில் பால் வந்துவிட்டது.

முதல் ஷீட் புகைப்புரையில் தொங்குகிறது, போகிறபோது எல்லோரும் ஒரு தடவை பார்த்துவிட்டுப் போங்கள். சரி, அவருக்குப் பிடித்த மரச்சீனியும் சாளைக் குழம்பும்தான் இன்றைக்கு, அம்மா தன் கையாலேயே வைத்தது. இலை போட்டாச்சு, பெரியப்பா ஜெபம் பண்ணினதும் எல்லோரும் உட்காருங்கள்.