ஆண்டு விழா தொடக்கம்: 4.30 முதல் 4.37 வரை

(மைக் பிடிக்கும் பன்னிரண்டாம் வகுப்பு மாணவிகள் இருவருக்கும் தமிழாசிரியர் எழுதிக் கொடுத்தது. ஒரு படி மேடைப் பொறுப்பாளருக்கு, ஒரு படி ஒலிபெருக்கிக்காரருக்கு.)

பிள்ளைகளே, அழைப்பிதழில் மாலை 4.30 என்று அச்சடித்திருக்கிறோம். திருக்கோவிலூரில் யாரும் அதை நம்பப் போவதில்லை. ஐந்து மணிக்குப் போனால் போதும் என்றுதான் வீட்டில் பேசிக்கொண்டிருப்பார்கள். இந்த முறை 4.30 என்றால் 4.30. கடைசிப் பேருந்து ஏறும் பிள்ளைகள் நாடகத்தைப் பாதியில் விட்டுவிட்டு ஓடக் கூடாது, அவ்வளவுதான் காரணம்.

எந்த விழாவிலும் முதல் பத்து நிமிடத்தை விழுங்குவது பேச்சாளர் இல்லை, விளக்கு. ஒரு பள்ளி விழாவில் நானே பார்த்தேன். ஐந்து பெரியவர்கள் விளக்கைச் சுற்றி நிற்கிறார்கள், தீப்பெட்டி இல்லை. ஒருவர் சமையல் கூடத்துக்கு ஓடினார். தீப்பெட்டி வந்தது, மின்விசிறி அணைக்கவில்லை. ஏழு குச்சி வீணாயிற்று. மைக் பிடித்த பெண் பாவம், 'இதோ ஏற்றுகிறார்கள், இதோ ஏற்றுகிறார்கள்' என்று நான்கு தடவை சொன்னாள். அது உங்களுக்கு நேரக் கூடாது. கீழே உள்ளதை வாய்விட்டு மூன்று முறை படித்துவிடுங்கள்.

4.10, மேடையில் யாரும் இல்லாதபோது

விளக்கு தாம்பாளத்தின் நடுவில் நிற்க வேண்டும். பூச்சரம் தண்டில் மட்டும். முகத்துக்கு மேலே தொங்கினால் கருகி நாறும். ஐந்து திரியும் காலையிலிருந்தே நல்லெண்ணெயில் ஊறியிருக்கும். நுனி அரை அங்குலம் வெளியே நிமிர்ந்து நிற்கட்டும். எண்ணெயை விளிம்பு வரை ஊற்றாதீர்கள், விளக்கை நகர்த்தினால் பட்டுப் புடவையில் வழியும். ஒருமுறை ஏற்றிப் பார்த்து அணைத்து வைத்தால் திரி சீக்கிரம் பிடிக்கும் என்பார்கள். கரிந்த திரியை மேடையில் வைக்கக் கூடாது என்பது எங்கள் அம்மா கட்சி. அதனால் நமக்குக் கற்பூரம். திரி நுனியில் ஒரு சிட்டிகைத் தூள், ஆனால் 4.25க்குத்தான். மதியமே வைத்தால் மாலைக்குள் காற்றோடு போய்விடும்.

தட்டில் இருக்க வேண்டியவை: தீப்பெட்டி இரண்டு, அடியில் காகிதக் கப் செருகிய மெழுகுவத்தி இரண்டு (மெழுகு கையில் சொட்டாது), ஈரத்துணி ஒன்று. மேடைக்குப் பின்னால் ஒரு வாளி மணல்.

4.20

நாதசுரப் பதிவு ஓடிக்கொண்டிருக்கும். ஒலிபெருக்கிக்காரர் சத்தத்தைக் குறைத்ததும்:

முதல் குரல்: அனைவருக்கும் வணக்கம். நம் விழா இன்னும் பத்து நிமிடத்தில், சரியாக 4.30 மணிக்குத் தொடங்குகிறது. வாசலில் நிற்கும் பெற்றோர் உள்ளே வந்து அமருங்கள். முன்வரிசையில் இடம் இருக்கிறது. கைப்பேசிகளை ஒலியில்லாமல் வைத்துவிடுங்கள்.

இதையே 4.27க்கு இரண்டாம் குரல் 'இன்னும் மூன்று நிமிடத்தில்' என்று மாற்றிச் சொல்ல வேண்டும். கூட்டம் இரண்டாவது அறிவிப்புக்குத்தான் நகரும்.

4.28க்கு விருந்தினர்கள் மேடை ஏறித் தங்கள் நாற்காலி முன்னே நிற்பார்கள். சால்வை, பூங்கொத்து எதுவும் இப்போது கிடையாது. எல்லாம் வரவேற்புரையோடு.

4.30

பேச வேண்டாம். பள்ளி மணி அடிக்கும். தினமும் மணி அடிக்கும் நம் அலுவலக உதவியாளர் ஐயாதான் அடிப்பார். நீளமாக ஒரு மணி. அது நின்று மூன்று வினாடி கழித்து:

இரண்டாம் குரல்: மணி 4.30. நம் பள்ளியின் ஆண்டு விழா தொடங்குகிறது. தமிழ்த்தாய் வாழ்த்து. அனைவரும் எழுந்து நிற்குமாறு அன்புடன் கேட்டுக்கொள்கிறோம். எழ இயலாதவர்கள் அமர்ந்தபடியே கலந்துகொள்ளலாம்.

எட்டுப் பேர் கொண்ட பாடல் குழு இடப்பக்க மைக்கில் முன்பே தயாராக நிற்கும். எல்லாரும் எழுந்துவிட்டார்களா என்று எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம். சுருதி கேட்டதும் தொடங்கிவிடுவார்கள். 2021 டிசம்பரில் வந்த அரசாணை இதை மாநிலப் பாடலாக அறிவித்தபோது, முல்லைப்பாணி என்னும் மோகன ராகத்தில், மூன்றன் நடையில், 55 வினாடியில் பாட வேண்டும் என்றது. இசைத்தட்டைப் போடாமல் பயிற்சி பெற்றவர்கள் வாய்ப்பாட்டாகப் பாட வேண்டும் என்பதும் அதில் உண்டு. நம் பிள்ளைகள் ஒத்திகையில் 57க்கு வந்துவிட்டார்கள். இழுப்பது கடைசி வரியில்தான், சொல்லிவிட்டேன்.

பாடல் முடிந்ததும் கைதட்டல் வேண்டாம். யாராவது தட்டத் தொடங்கினால் அதை வெட்டுவது உங்கள் அடுத்த வரிதான், அதனால் தாமதிக்காதீர்கள்.

முதல் குரல்: நன்றி. அனைவரும் அமரலாம்.

4.32

முதல் குரல்: தென்பெண்ணைக் கரையில், கபிலர் குன்று இருக்கும் இந்த ஊரில் கூடியிருக்கும் பெரியோர்களே, பெற்றோர்களே, ஆசிரியப் பெருமக்களே, தோழிகளே, அனைவருக்கும் மாலை வணக்கம். அடுத்து குத்துவிளக்கு ஏற்றுதல். மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலர் அவர்கள், நம் தலைமை ஆசிரியர் அம்மா, பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவர் அம்மா, பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர் ஐயா, நம் அலுவலக உதவியாளர் ஐயா ஆகிய ஐவரையும் விளக்கருகே வரும்படி அழைக்கிறோம்.

ஐந்து பேரையும் ஒரே மூச்சில் அழைப்பதைக் கவனியுங்கள். ஒவ்வொருவராக 'அன்போடு அழைக்கிறேன், பணிவோடு அழைக்கிறேன்' என்று போனால் அதிலேயே இரண்டு நிமிடம் போகும். பெயரும் பட்டமும் வரவேற்புரையில் வரும், இங்கே பொறுப்பு மட்டும் போதும்.

அவர்கள் நடக்கும்போது மேடைப் பொறுப்பாளர் செய்ய வேண்டியது: மின்விசிறிகள் அணைப்பு, முதல் மெழுகுவத்தி ஏற்றல், ஐவரும் விளக்குக்குப் பின்னால் அரைவட்டமாக நிற்கும்படி சைகை. முன்னால் நின்றால் கூட்டத்துக்கு முதுகுதான் தெரியும். செருப்பைக் கழற்றுகிறவர்கள் கழற்றட்டும், அதற்கு ஒரு பாய் போட்டிருக்கிறது.

இனி உங்கள் முக்கியமான வேலை. ஒரு முகத்துக்குச் சுமார் 20 வினாடி. அந்த அமைதியை நிரப்ப நம் ஊர்க் கதையையே ஐந்து துண்டாக வெட்டியிருக்கிறேன். மெழுகுவத்தி அடுத்தவர் கைக்கு மாறியதும் அடுத்த துண்டு. திரி சட்டென்று பிடித்துவிட்டால் துண்டைப் பாதியில் விட்டுத் தாவலாம், கதை கெடாது.

இரண்டாம் குரல்: முதல் முகத்தை முதன்மைக் கல்வி அலுவலர் அவர்கள் ஏற்றுகிறார்கள். நம் ஊரைப் பற்றி ஒரு பழங்கதை. ஓர் இரவு, நல்ல மழை. பொய்கையாழ்வார் ஒரு வீட்டின் இடைகழியில் ஒதுங்கினார். ஒருவர் படுக்கலாம், அவ்வளவுதான் இடம்.

முதல் குரல்: இரண்டாம் முகம், நம் தலைமை ஆசிரியர் அம்மா. நனைந்தபடி பூதத்தாழ்வார் வந்தார். 'ஒருவர் படுக்கலாம், இருவர் உட்காரலாம், வாருங்கள்' என்றார் உள்ளே இருந்தவர்.

இரண்டாம் குரல்: மூன்றாம் முகம், பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவர் அம்மா. அடுத்து பேயாழ்வார் வந்தார். 'இருவர் உட்காரலாம், மூவர் நிற்கலாம்.' மூன்று பேரும் எழுந்து நின்றார்கள்.

முதல் குரல்: நான்காம் முகம், பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர் ஐயா. திடீரென்று நான்காவதாக யாரோ நெருக்குகிற மாதிரி இருந்தது. ஒரே இருட்டு, யார் என்று தெரியவில்லை. பாட்டாலேயே விளக்கு ஏற்றினார்கள். அந்த வெளிச்சத்தில் திருமாலைக் கண்டார்கள் என்பது கதை.

இரண்டாம் குரல்: ஐந்தாம் முகம். சற்று முன் நீங்கள் கேட்ட மணியை அடித்தவர் ஏற்றுகிறார். வரும் மே மாதம் பணி நிறைவு பெறும் நம் அலுவலக உதவியாளர் ஐயா.

இங்கே நிறுத்துங்கள். கைதட்டல் தானாக வரும். வராவிட்டால் நீங்கள் தொடங்குங்கள்.

(எல்லா மதத்துப் பிள்ளைகளும் படிக்கிற பள்ளி, ஆழ்வார் கதை எதற்கு என்று ஆசிரியர் அறையில் ஒரு பேச்சு வந்தது. வணக்கப் பாடலாக வேறொன்று வைக்கவில்லை, தமிழ்த்தாய் வாழ்த்து மட்டும்தான். இது ஊரின் கதையாக வருகிறது, இடம் போதாதபோதும் அடுத்தவரை உள்ளே கூப்பிட்ட கதை. அதனால் வைத்துக்கொண்டேன். நீங்களும் பக்திக் குரலில் இழுக்காமல், பாட்டி கதை சொல்வது போல் சொல்லுங்கள்.)

4.35

புகைப்படக்காரருக்கு ஒரே ஒரு படம், 10 வினாடி. 'சார், மறுபடி ஒருமுறை ஏற்றுகிற மாதிரி' என்று கேட்டால் மேடைப் பொறுப்பாளர் தலையை ஆட்டி மறுத்துவிடுவார். மெழுகுவத்தியை ஊதாமல் ஈரத்துணியால் அணைக்கவும்.

முதல் குரல்: ஐவருக்கும் நன்றி. இருக்கையில் அமரும்படி கேட்டுக்கொள்கிறோம். வரவேற்புரை வழங்க நம் உதவித் தலைமை ஆசிரியர் ஐயா அவர்களை அழைக்கிறோம்.

4.37. மைக் இனி அவரிடம். விசிறியை மறுபடி போடும்போது விளக்குப் பக்கத்து விசிறியை மட்டும் விட்டுவிடச் சொல்லுங்கள்.

சிறப்பு விருந்தினர் வந்து சேரவில்லை என்றால்

காத்திருக்கப் போவதில்லை. தலைமை ஆசிரியர் அம்மா ஒப்புக்கொண்டுவிட்டார், அலுவலகத்துக்கும் முன்கூட்டியே சொல்லியாகிவிட்டது. மணி 4.30க்கு அடிக்கும், பாட்டு நடக்கும். அழைப்பில் நால்வரை மட்டும் கூப்பிடுங்கள். கூட்டத்தைப் பார்த்த முகம் ஏற்றாமல் இருக்கும். முதல் துண்டைத் தலைமை ஆசிரியர் அம்மா ஏற்றும்போது சொல்லி, இரண்டாம் துண்டையும் அதோடு சேர்த்துவிடுங்கள். 'ஐந்தாம் முகம்' என்பதை 'அடுத்த முகம்' என்று மாற்றுங்கள். முடிவில் ஒரு வரி:

இரண்டாம் குரல்: ஒரு முகம் நம் சிறப்பு விருந்தினருக்காகக் காத்திருக்கிறது.

அவர் வந்ததும், நடந்துகொண்டிருக்கும் பேச்சையோ நடனத்தையோ வெட்டாதீர்கள். அது முடிந்த பிறகு புதுக் கற்பூரம் வைத்து:

முதல் குரல்: முதன்மைக் கல்வி அலுவலர் அவர்களை வரவேற்கிறோம். உங்களுக்காக வைத்திருந்த முகத்தை ஏற்றித் தரும்படி கேட்டுக்கொள்கிறோம்.

அரை நிமிடத்தில் முடிந்துவிடும்.

மின்சாரம் போனால்

மைக் இல்லாமலேயே தொடருங்கள், விளக்கை ஏற்றி முடியுங்கள். ஜெனரேட்டர் பிடிக்க ஒரு நிமிடம் ஆகும். ஒத்திகையில் கடைசி வரிசை வரை குரல் எட்டியதைப் பார்த்தேன், பயம் வேண்டாம்.

ஒத்திகை நாளை மதியம் 3 மணிக்கு, உண்மையான எண்ணெயோடும் திரியோடும். நிறுத்துக்கடிகாரம் என்னிடம் இருக்கிறது. சாரணியர் இருவர் விழா முடியும்வரை விளக்கருகில் நிற்பார்கள். நடனக் குழு பாவாடையைச் சுழற்றிக்கொண்டு வரும்போது விளக்கை ஓரமாக நகர்த்துவது அவர்கள் வேலை, உங்களுடையது இல்லை.